ஆங்கில வழியா தமிழ் வழியா? ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் வாசித்துக் காட்டுங்கள்

எங்கள் வீட்டில் நாங்கள் ஆங்கில வழி என்றோம், மாமனார் தமிழ் வழிதான் என்றார், ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் பிள்ளையையே கவனித்துப் பார்த்தோம்.

இரண்டாம் வகுப்பு அறிவியலில், விதை முளைப்பது பற்றிய பாடத்தை இரண்டு மொழியிலும் எடுத்து, ஆங்கிலத்தில் நானும் மறுநாள் தமிழில் தாத்தாவும் வாசித்தோம். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன புரிந்தது, எந்த மொழியிலும் சொல்லு என்றோம். ஆங்கிலத்தில் கேட்ட அன்று மகள் வரிகளை அப்படியே ஒப்பித்தாள். தமிழில் கேட்டதும், "அப்போ தண்ணி ஊத்தலைன்னா விதை தூங்கிட்டே இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள். இப்படிக் கேள்வி வந்தால் புரிந்திருக்கிறது, வரி மட்டும் திரும்பி வந்தால் மனப்பாடம்தான். ஒரே பாடம் என்பதால் இரண்டாவது நாள் கொஞ்சம் எளிதாகத்தான் இருக்கும், அதனால் வேறொரு பாடத்தில் வரிசையை மாற்றியும் பாருங்கள்.

அப்புறம், தினமும் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்பதையும் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது தாத்தா. அதனால் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, இரவில் அரை மணி நேரம் என்னோடு ஆங்கிலக் கதை என்று முடிவானது.