சூரை மீனைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்

காரைக்குடியில் காலை 8 மணிக்கு வாங்கிய சூரையை, மசாலா அரைத்து முடிக்கட்டும் என்று மதியம் வரை பையிலேயே வைத்துவிட்டோம். குழம்பு நன்றாகத்தான் கொதித்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ஆச்சிக்கு முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு. சாப்பிடும்போதே நாக்கு சுருக்கென்றது என்றார். மிளகுக் காரம் என்று நினைத்துவிட்டோம்.

சூரை, அயிலை, மத்தி மூன்றின் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூடாகக் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். ஆச்சிக்கு வந்த சிவப்பும் தடிப்பும் அதனால்தான். கொதித்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. பல சமயம் கெட்ட வாடைகூட வராது.

அதனால் கடையிலேயே ஐஸ் போட்டு வாங்கி, வீட்டில் 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். வெயிலில் கிடந்த மீனா, கொட்டிவிடுங்கள். சாப்பிட்டபின் மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.