கடற்கரைப் படத்தில் சிதறிய குப்பையை நீக்குவது: மாதிரி எங்கிருந்து வரவேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம்

ஒரு கடற்கரைப் படத்தில் முப்பது குப்பைகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து போட்டோஷாப்பில் ஒரே தடவையில் நிரப்பினால், காய்ந்த மணலில் ஈரத் திட்டு விழும். தேர்வில் விடுபட்ட ஒரு மூடியின் விளிம்பு வேறொரு இடத்தில் முளைக்கும். நிரப்புவதற்கான மாதிரி மணல் படத்தின் எல்லாப் பகுதியிலிருந்தும் எடுக்கப்படுவதே காரணம். காமிராவுக்கு அருகே மணல் பருக்கை பருக்கையாகவும், தொலைவில் மாவு போலவும் தெரியும். அதனால் மாதிரி அதே உயரத்தில், இடமோ வலமோ இருந்து வரவேண்டும்.

முதலில் `Ctrl+J` அழுத்திப் பின்னணி லேயரை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். படத்தை மனதுக்குள் மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள்: முன்புறக் காய்ந்த மணல், நடுவில் காலடித் தடங்கள், அலையோர ஈர மணல்.

சிறியவற்றில் தொடங்குங்கள். மூடி, ஸ்ட்ரா துண்டு போன்றவற்றுக்கு Spot Healing Brush போதும். பிரஷ் பொருளைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். இவை போனபின் சுத்தமான மணல் கூடும். பெரிய பொருள்களுக்கு மாதிரி எடுக்க அதுதான் தேவை.

அடுத்து முன்புறத்தில் கிடக்கும் பாட்டில். லாஸோவால் அதன் நிழலையும் சேர்த்து, விளிம்பிலிருந்து சில பிக்சல் தள்ளிச் சுற்றுங்கள். நிழலை விட்டுவிட்டால் பொருளில்லாத நிழல் மிஞ்சும். பலரும் தவறுவது இங்கேதான். Edit > Content-Aware Fill திறந்து, Sampling Area Options பகுதியில் Custom தேர்ந்தெடுங்கள். இப்போது நீங்கள் பிரஷ்ஷால் பூசும் இடம் மட்டுமே மாதிரியாகும். பாட்டிலின் இருபுறமும், அதே உயரத்தில், தடமில்லாத மணல்மேல் பூசுங்கள். பூசும் இடம் பாட்டிலைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் ஒரே கூழாங்கல் திரும்பத் திரும்ப வரும்.

Output To என்பதில் Current Layer வையுங்கள். புது லேயரில் போட்டால், அடுத்த நிரப்பல் குப்பையுள்ள பழைய லேயரிலிருந்தே மாதிரி எடுக்கும். ஒரு பட்டையில் அருகருகே உள்ள நான்கைந்து பொருள்களைச் சேர்த்து நிரப்பலாம். பட்டையைத் தாண்டக் கூடாது.

ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கும் கோட்டின்மேல் கிடக்கும் கயிறுக்கு இந்த முறை ஒத்துவராது, கோடு உடைந்துவிடும். அங்கே Clone Stamp எடுத்து, அதே கோட்டின்மேல் ஓர் இடத்தை Alt அழுத்திச் சொடுக்கி, கோடு கோட்டோடு பொருந்துமாறு கயிற்றின்மேல் பூசுங்கள்.

முடித்ததும் மேலே ஒரு Curves லேயர் சேர்த்து, மாறுபாட்டை மிக அதிகமாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத திட்டுகளும் இரட்டைக் கூழாங்கற்களும் அப்போது வெளிப்படும். அவற்றைச் சரிசெய்தபின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.