புது சூப்பர்வைசருக்கு லைனில் பேசப் பழக்குவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கை தேர்ந்த டெய்லரைத்தான் பல நேரம் சூப்பர்வைசராக ஏற்றுகிறார்கள். தைக்கத் தெரிந்தவருக்குத் தைக்கச் சொல்லவும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பை மட்டும் வைத்து அதைப் பழக்கலாம்.

1. காலையில் சொல்வது

ஷிப்ட் தொடங்குமுன் அவரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "நல்லா மடிச்சுத் தைங்க" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "மடிப்பு 2 செ.மீ., சைடு தையல் வரும் இடத்திலும் அதே 2 செ.மீ." என்று இருந்தால்தான் அளந்து பார்க்க முடியும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "அக்கா, மடிப்பை எங்கெங்க அளப்பீங்க?" என்று கேட்கப் பழக்குங்கள். முதல் பீஸை இருவரும் சேர்ந்து அளந்த பிறகே பண்டில் ஓடட்டும்.

2. தப்பு வந்தால்

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். செக்கிங் டேபிளிலிருந்து மடிப்பு ஒன்றரை செ.மீ. என்று பீஸ் திரும்பி வருகிறது. புதியவர் நேராக டெய்லரிடம் பாய்வார். நிறுத்தி, அதே பண்டிலில் ஐந்து பீஸ் அளக்கச் சொல்லுங்கள்.

சுற்றிலும் ஒரே சீராகக் குறைந்தால் மெஷினில் கைடு நகர்ந்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், டெய்லரைத் திட்டி என்ன பயன்? சைடு தையலில் மட்டும் குறைந்தால், அங்கே துணி பல அடுக்காகத் தடித்து, வேகத்தில் மடிப்பு நழுவுகிறது. அது கைப்பழக்கம். அதைச் சரிசெய்யத்தான் பேச்சு.

தைத்துக்கொண்டிருக்கும்போது தோளைத் தொடக்கூடாது, பீஸ் முடியட்டும். பக்கத்தில் போய், அடுத்த மெஷினுக்குக் கேட்காத குரலில், பீஸைக் காட்டி: "அக்கா, இந்த இடத்துல மடிப்பு ஒன்றரைதான் இருக்குங்க. சைடு தையல் வர்றப்ப வேகத்தைக் குறைச்சு, மடிப்பைப் பிடிச்சு விடுங்க." உடனே இரண்டு பீஸ் தைக்கச் சொல்லி அவர் முன்னாலேயே அளக்க வேண்டும். அரை மணி கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம், ஏற்கெனவே தைத்தவை? பண்டில் நம்பரைப் பார்த்துத் தனியே எடுத்து வைக்கட்டும். எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்ல வேண்டாம். பின்னல் துணியில் ஊசி ஓட்டை தெரியும். எதைப் பிரிப்பது என்று குவாலிட்டி ஆளைக் கேட்கட்டும்.

3. நீங்கள் நிற்கும் இடம்

முதலில் நீங்கள் பேச, அவர் பார்க்கட்டும். பிறகு அவர் பேசும்போது இரண்டு மெஷின் தள்ளி நில்லுங்கள். தடுமாறினாலும் நடுவில் புகாதீர்கள். புகுந்தால் டெய்லர்கள் அடுத்த சந்தேகத்துக்கு உங்களைத்தான் தேடுவார்கள். சொல்ல வேண்டியதை டீ நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள். ஊசி உடைந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டெல்லாம் கிடைத்த பிறகே புது ஊசி கொடுக்க வேண்டும்.