கோர்ட் உத்தரவைச் சித்திக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதியது எப்படி

சித்தி மேல் புரோநோட் கடனுக்காக ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். வாய்தாவுக்குப் போகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அதை ரத்து செய்யச் சொல்லி (கட்டளை 9 விதி 13) மனுப் போட்டோம். ஜூன் 7 அன்று உத்தரவு. "மனு அனுமதியாம்டா, ஜெயிச்சுட்டோம்" என்று சித்தி போன் செய்தார். நகலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நானும் ஆமாம் என்றேன். 12ஆம் தேதி ராத்திரிதான் கடைசிப் பத்தியை ஒழுங்காகப் படித்தேன். தூக்கம் போய்விட்டது.

முதலில் ஆட்களுக்குப் பெயர் வையுங்கள். வழக்கில் சித்தி பிரதிவாதி. ஆனால் ரத்து கேட்டவர் அவர் என்பதால் இந்த மனுவில் அவர்தான் மனுதாரர்; கடன் கொடுத்தவர் எதிர்மனுதாரர். பென்சிலால் ஒவ்வொரு இடத்திலும் 'சித்தி', 'கடன்காரர்' என்று மேலே எழுதிவிடுங்கள். போன் திரையில் படித்து இதைச் செய்ய முடியாது, பிரின்ட் எடுத்தே ஆக வேண்டும். eCourts செயலி எனக்கு அடுத்த வாய்தா பார்க்க மட்டும்தான்.

அப்புறம் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். "மனுதாரர் வேண்டுமென்றே சம்மனை வாங்க மறுத்தார்" என்ற வரியைப் படித்துச் சித்தி அழுதார், ஜட்ஜே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று. அது கடன்காரர் தன் எதிருரையில் சொன்னது; உத்தரவில் எடுத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீதிமன்றம் தானாகச் சொல்வது பெரும்பாலும் 'இந்நீதிமன்றம் கருதுகிறது' என்ற மாதிரி வரிகளில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய இரு தரப்பு வாதங்களுக்கும் சுருக்கத்தில் ஒரு வரி போதும்.

இப்போது கடைசிப் பத்தி. நான் மாட்டிக்கொண்ட இடம் இது:

"மனுதாரர் எதிர்மனுதாரருக்குச் செலவுத்தொகையாக ரூ.1,000/- ஐ 14.06.2024 அன்றோ அதற்கு முன்போ செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இம்மனு அனுமதிக்கப்படுகிறது. தவறினால் இம்மனு தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கருதப்படும். 18.06.2024க்கு அழைக்க."

கண் நேராக 'அனுமதிக்கப்படுகிறது' என்ற சொல்லில் போய் நிற்கும். அதை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். யார் கொடுக்க வேண்டும், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கொடுக்காவிட்டால் என்ன என்ற ஐந்துக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. 'தவறினால்' என்பதுதான் ஆபத்தான சொல். 14ஆம் தேதி தாண்டினால் மனு தள்ளுபடி, பழைய தீர்ப்பாணை அப்படியே நிற்கும், அதை வைத்துக் கடன்காரர் ஜப்திக்குப் போகலாம். 18 என்பது பணம் கட்டியாயிற்றா என்று பார்க்கும் நாள். அன்றைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நானும் ஏமாறப் பார்த்தேன்.

சரி, நான் எழுதிக் கொடுத்தது இது. பெரிய எழுத்து, கிழமையோடு தேதி, சட்டப் பிரிவு ஒன்றும் கிடையாது:

"சித்தி, உங்களைக் கேட்காமல் கொடுத்த தீர்ப்பை ரத்து செய்யக் கோர்ட் ஒத்துக்கொண்டது. ஆனால் வெள்ளிக்கிழமை, ஜூன் 14க்குள் கடன்காரருக்கு ரூ.1,000 கொடுத்தால் மட்டுமே. கொடுக்காவிட்டால் பழைய தீர்ப்பே நிற்கும். இந்த ரூ.1,000 கடனில் கழியாது, அவரை அலையவிட்டதற்கான செலவு. கடன் உண்டா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. அது இனிமேல்தான் விசாரணை. செவ்வாய், ஜூன் 18 அன்று வாய்தா, ரசீதை எடுத்து வாருங்கள்."

'கோர்ட் இன்னும் சொல்லவில்லை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எது முடிவாகவில்லை என்று எழுதாவிட்டால் சித்தி போல எல்லோரும் கடனே ரத்தாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். எழுதியதை எங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டினேன். 13ஆம் தேதி அவர் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பணம் கொடுத்து, ரசீதோடு கோர்ட்டில் மெமோ போட்டார்.

பின்சேர்க்கை: எதிர்த்தரப்பு வக்கீல் பணத்தை வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கெடு நாள் வரை காத்திருக்காமல், மறுத்ததைச் சொல்லி நீதிமன்றத்திலேயே கட்ட அனுமதி கேட்டு உங்கள் வக்கீல் மனுப் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148இன்படி அவகாசம் நீட்டிக்கக் கேட்கலாம். அந்தப் பிரிவு பேசுவது மொத்தம் 30 நாள் வரை. கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி கையில். அதனால் கெடுத் தேதியைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதும்படி என் மாதிரியை இப்போது மாற்றிவிட்டேன்.