அட்லஸ் போட்டும் டிராகால் குறையவில்லையா? யூனிட்டி 2டி கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூனிட்டியில் 2டி கேம் செய்கிற பலர், படங்களை எல்லாம் ஒரு ஸ்ப்ரைட் அட்லஸில் போட்டுவிட்டால் டிராகால், அதாவது வரையச் சொல்லி ஜிபியுவுக்குப் போகும் கட்டளைகள், தானாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். அட்லஸ் செய்வது ஒன்றே ஒன்றுதான்: பல ஸ்ப்ரைட்டுகளை ஒரே டெக்ஸ்சருக்குள் கொண்டுவருகிறது. அவை ஒரே பேட்சில் சேர, அதாவது ஒரே டிராகாலில் ஒன்றாக வரையப்பட, இன்னும் இரண்டு விஷயங்கள் ஒத்துவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மெட்டீரியல் ஒன்றாக இருக்க வேண்டும், வரையப்படும் வரிசையில் அவை அடுத்தடுத்து வர வேண்டும். இந்த வரிசை விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

ஒரு உதாரணம். பில்ட்-இன் ரெண்டர் பைப்லைனில் ஒரு பண்ணை கேம். மேய்ச்சல் நிலத்தில் 60 ஆடுகள். ஒவ்வொரு ஆட்டுக்கும் உடல் ஒரு ஸ்ப்ரைட், காலடியில் விழும் நிழல் இன்னொரு ஸ்ப்ரைட். உடல் படங்கள் எல்லாம் ஆடுகளுக்கான அட்லஸில் இருக்கின்றன. நிழல், மரத்துக்கும் வீட்டுக்கும்கூடப் பொதுவானது என்பதால், எஃபெக்ட்டுகளுக்கான அட்லஸில் இருக்கிறது. மொத்தம் இரண்டே டெக்ஸ்சர், அதனால் இரண்டு மூன்று டிராகாலில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகத் தெரிய வேண்டுமே என்று y மதிப்பை வைத்து வரிசைப்படுத்தியிருப்போம். அப்போது நிழல், உடல், நிழல், உடல் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் டெக்ஸ்சர் மாறுவதால் ஒவ்வொரு முறையும் பேட்ச் உடைகிறது. 60 ஆடுகளுக்கு 120 டிராகால்.

யூனிட்டியே வரிசையை மாற்றி ஒன்று சேர்த்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. ஸ்ப்ரைட்டுகள் ஒளி ஊடுருவும் பொருட்களாக, பின்னாலிருந்து முன்னால் வரையப்படுகின்றன. வரிசை மாறினால் படமே மாறிவிடும். எது எதற்கு மேல் வர வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

தீர்வு இரண்டு உண்டு. நிழல் படத்தையும் ஆடுகளின் அட்லஸிலேயே வைத்துவிடலாம்; அப்போது மாறி மாறி வந்தாலும் டெக்ஸ்சர் மாறாது. இல்லையென்றால் எல்லா நிழல்களுக்கும் Order in Layer மதிப்பை உடல்களைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். முதலில் 60 நிழல்களும் ஒரே மூச்சில், அப்புறம் 60 உடல்களும் ஒரே மூச்சில். வெர்டெக்ஸ் எண்ணிக்கை மிக அதிகமாக இல்லாவிட்டால் இரண்டு டிராகாலில் வேலை முடியும். நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். நிழல் தரையில் விழுகிற பொருள். முன்னால் நிற்கும் ஆட்டின் நிழல் பின்னால் நிற்கும் ஆட்டின் உடல்மேல் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் படமும் சுத்தமாகும். ஒரு எச்சரிக்கை: ஆட்டின் மேல் Sorting Group போட்டிருந்தால் Order in Layer அந்தக் குழுவுக்குள் மட்டுமே செல்லும். அப்படியானால் நிழலைக் குழுவுக்கு வெளியே எடுத்தாக வேண்டும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை. Window > Analysis > Frame Debugger திறந்து ஒவ்வொரு டிராகாலாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் பேட்ச் உடைந்தது, முந்தைய டிராகாலோடு ஏன் சேரவில்லை என்பதை அதுவே காட்டும். ஆனால் அதற்கு முன்னால் Project Settings > Editor பகுதியில் Sprite Packer மோடைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில்டுக்கு மட்டும் பேக் செய்யும்படி வைத்திருந்தால், எடிட்டரில் ப்ளே செய்யும்போது அட்லஸே பயன்படாது, தனித்தனிப் படங்கள்தான் ஓடும். அப்போது தெரியும் டிராகால் எண்ணிக்கையைப் பார்த்து அட்லஸைக் குறை சொல்வது வீண் அலைச்சல்.

சத்தமில்லாமல் நடக்கிற இன்னொரு தவறு உண்டு. அட்லஸின் Max Texture Size 2048 என்று வைத்துவிட்டு, நாளடைவில் படங்களைச் சேர்த்துக்கொண்டே போவோம். இடம் போதாமல் போனால் யூனிட்டி இரண்டாவது பக்கம் ஒன்றை உருவாக்கிவிடும். ப்ராஜெக்ட்டில் அது இன்னும் ஒரே அட்லஸ்தான், உள்ளே டெக்ஸ்சர் இரண்டு. நேற்றுவரை சேர்ந்துவந்த ஆடுகள் இன்று சேராது. அட்லஸின் ப்ரிவ்யூவில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

மெட்டீரியல் பக்கம் சொல்ல வேண்டியது குறைவுதான். அடிபட்ட ஆட்டைச் சிவப்பாகக் காட்ட, கீழே உள்ள முதல் வரிபோல் எழுதுகிறவர்கள் நிறைய. sr என்பது ஆட்டின் SpriteRenderer:

```csharp
sr.material.color = Color.red; // புதிய மெட்டீரியல் பிரதி
sr.color = Color.red;          // ஸ்ப்ரைட்டின் நிறம் மட்டும்
```

முதல் வரி அந்த ஆட்டுக்கென்று தனியாக ஒரு மெட்டீரியல் பிரதியை உருவாக்குகிறது. அதற்குப் பிறகு நிறத்தைப் பழையபடி மாற்றினாலும் அந்த ஆடு மற்றவற்றோடு சேராது. இரண்டாவது வரியில் அந்தத் தொல்லை இல்லை.

இனி மெமரி. டிராகாலைக் குறைக்கும் ஆர்வத்தில் கேமின் எல்லாப் படங்களையும் 4096 x 4096 அட்லஸ் ஒன்றில் திணிப்பதுதான் இங்கே பெரிய தவறு. அட்லஸிலிருந்து ஒரே ஒரு ஸ்ப்ரைட் தேவைப்பட்டாலும் அது இருக்கும் டெக்ஸ்சர் முழுவதும் லோடாகும். கம்ப்ரஷன் இல்லாத RGBA32 ஃபார்மட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4096 x 4096 என்றால் 64 எம்பி. மெனு திரையில் ஒரு செட்டிங்ஸ் ஐகானைக் காட்டுவதற்காக, கடைசி லெவலில் வரும் ஓநாயும் சேர்ந்து மெமரியில் உட்கார்ந்திருக்கும். அந்த ஐகான் திரையில் இருக்கும்வரை ஓநாயை வெளியேற்ற முடியாது.

அதனால் அட்லஸைப் பிரிக்கும்போது ‘இது எந்த வகைப் படம்’ என்று பார்க்காமல், ‘இது எந்தத் திரையில், எவற்றோடு சேர்ந்து தெரியும்’ என்று பாருங்கள். எல்லாத் திரையிலும் வரும் பட்டன், ஐகான் போன்றவை ஒரு சிறிய அட்லஸ். மேய்ச்சல் நில லெவலுக்கு ஒன்று, காட்டு லெவலுக்கு ஒன்று. ஒரே திரையில் மூன்று நான்கு அட்லஸ் இருப்பதால் கூடுவது, வரிசை ஒழுங்காக இருந்தால், சில டிராகால்கள்தான். அதற்குப் பயந்து பத்துக் கணக்கான எம்பிக்களை வீணாக்க வேண்டாம்.

டிஸ்க்கில் உள்ள பிஎன்ஜியின் அளவை வைத்து மெமரியைக் கணக்கிடுவதும் தவறு. பிஎன்ஜி 300 கேபி இருக்கலாம். மெமரியில் எவ்வளவு என்பதை அகலம், உயரம், ஃபார்மட் ஆகிய மூன்றும்தான் முடிவு செய்கின்றன. 2048 x 2048 அட்லஸ் RGBA32-இல் 16 எம்பி, ASTC 4x4 கம்ப்ரஷனில் 4 எம்பி, ASTC 6x6-இல் ஏறத்தாழ 1.8 எம்பி. ஆடு, மரம், புல்தரைக்கு 6x6 பெரும்பாலும் போதும். மெல்லிய கோடுகள் கொண்ட பட்டன்களுக்கு 4x4 வைத்துவிட்டு, சாதனத்திலேயே கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். கேமரா ஸூம் பெரிதாக மாறாத கேமில் Generate Mip Maps தேவையில்லை, அது மூன்றில் ஒரு பங்கு மெமரியைக் கூட்டும். Read/Write போட்டிருந்தால் சிபியு பக்கம் இன்னொரு பிரதி இருக்கும். ஸ்கிரிப்டில் பிக்சலைப் படிக்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

அட்லஸின் செட்டிங்ஸில் இரண்டு விஷயங்கள் மட்டும் பாக்கி. இடத்தை மிச்சப்படுத்த Padding மதிப்பை 2 பிக்சலுக்குக் குறைத்தால், ஆட்டின் ஓரத்தில் பக்கத்துப் படத்தின் நிறம் கோடாகக் கசியலாம். அப்படித் தெரிந்தால் 4 அல்லது 8 ஆக்குங்கள். யூஐ படங்கள் உள்ள அட்லஸில் Allow Rotation, Tight Packing இரண்டையும் அணைத்துவிடுங்கள். கேன்வாஸில் இருக்கும் Image செவ்வகமாகவே வெட்டி எடுப்பதால், அணைக்காவிட்டால் பட்டன் திரும்பியோ பக்கத்து ஐகானின் துண்டோடோ தெரியும்.