சாயச் சோதனையில் தேறிய வெல்டிங்கை அப்படியே நம்பாதீர்கள்

சிவப்புச் சாயம், மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலுக்குள் மட்டுமே இறங்கும். 20 மி.மீ. தகடுகளை V வடிவில் சீவி இணைத்த வெல்டிங்கில், உலோகம் சரிவோடு உருகி ஒட்டாமல் உள்ளே நின்றுவிட்டால், சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் மாசுமறுவின்றி அப்படியே இருக்கும்.

அந்தக் குறையை மீயொலி பிடிக்கும். ஆனால் கோணம் பொருந்த வேண்டும். சரிவு செங்குத்திலிருந்து 30 பாகை என்றால் ஒலியைச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து அனுப்பும் புரோபை எடுங்கள். ஒலி தகட்டின் அடியில் பட்டு மேலேறும்போது, புரோப் நிற்கும் பக்கத்துச் சரிவில் நேர்குத்தாக மோதி, திரையில் உயரமான எதிரொலி எழும். 45 பாகையில் அதே குறை மங்கலாகவே தெரியும். சில சமயம் நழுவியும்விடும். மறுபக்கச் சரிவுக்கு புரோபை அந்தப் பக்கம் மாற்றி வைத்துப் பாருங்கள்.

வார்ப்புகளிலும் உள்ளே ஒளிந்த சுருக்கக் குழிகளுக்கு மீயொலிதான். ஆனால் துருப்பிடிக்கா எஃகு வார்ப்பின் பெரிய உலோகப் படிகமணிகள் ஒலியைச் சிதறடித்து, திரை முழுவதும் புல் முளைத்ததுபோல் ஆகிவிடும். அதன் மேற்பரப்பு விரிசல்களுக்குச் சாயமே நல்லது. சோதனைக்கு முன் கிரைண்டர் போடாதீர்கள். இழுபட்ட உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும்.