இறுதிச் சுற்று வரை வந்தவருக்கு எழுதும் மறுப்புக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்ணப்பத்தைப் பார்த்த அளவிலேயே கழித்துவிட்ட ஒருவருக்கு இரண்டு வரியில் பொதுவான பதில் அனுப்பினால் போதும். அவரும் அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார். நான்கு சுற்று நேர்காணலுக்கு வந்தவரின் நிலைமை வேறு. அவர் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார், வீட்டில் உட்கார்ந்து பயிற்சித் தேர்வு எழுதிக் கொடுத்திருக்கிறார், குழுவினரின் பெயர்கள் வரை தெரிந்துவைத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே அச்சுக் கடிதத்தை அனுப்பும் நிறுவனங்கள்தான் அதிகம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஓர் உதாரணத்தை வைத்துப் பேசுவோம். கணக்குப் பிரிவு மேலாளர் பணிக்கு ஒருவர் நான்கு சுற்றுகளை முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தொலைபேசி உரையாடல். அடுத்து, பிழைகள் உள்ள மாத இறுதிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்ன எழுத்துப் பயிற்சி. பிறகு நிதித் தலைவருடனும் கடைசியாக இயக்குநருடனும் நேர்காணல். எழுத்துப் பயிற்சியை அவர் சிறப்பாகச் செய்தார். ஒரே விலைப்பட்டியல் இரண்டு முறை பதிவாகியிருந்ததை அவர் மட்டும்தான் கண்டுபிடித்தார். ஆனால் பணிக்கு வருபவர் ஒன்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்தி, பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். இவருக்கு இரண்டு பேருக்கு மேல் மேற்பார்வையிட்ட அனுபவம் இல்லை. இன்னொருவர் அப்படியொரு மாற்றத்தை முன்பே நடத்தி முடித்திருக்கிறார். வேலை அவருக்குக் கிடைக்கிறது.

இவருக்கு வழக்கமாகப் போகும் கடிதம் இப்படி இருக்கும்:

"அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, எங்கள் நிறுவனத்தின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மனமார்ந்த நன்றி. உங்களுடன் உரையாடியது எங்கள் குழுவினர் அனைவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. உங்கள் திறமையும் அனுபவமும் எங்களை வெகுவாகக் கவர்ந்தன. இந்தப் பணிக்கு ஏராளமான விண்ணப்பங்கள் வந்திருந்தன. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கனத்த மனத்துடன், எங்கள் தேவைகளுக்கு மேலும் பொருத்தமான ஒருவரைத் தேர்வு செய்துள்ளோம். உங்கள் விவரங்களைக் கோப்பில் பாதுகாத்து வைப்போம். உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்."

மரியாதைக் குறைவான சொல் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிப்பவரை இது இரண்டு முறை காயப்படுத்துகிறது.

முதல் காயம், முடிவு இருக்கும் இடம். பலரும் இந்தக் கடிதத்தைக் கைபேசியில், ஏதோ வேலைக்கு நடுவில் திறப்பார்கள். கண் தேடுவது ஒன்றைத்தான்: கிடைத்ததா, இல்லையா? "மகிழ்ச்சி அளித்தது", "வெகுவாகக் கவர்ந்தன" என்று வரிக்கு வரி ஏறும் நம்பிக்கை ஐந்தாவது வாக்கியத்தில் சரிகிறது. அதன் பிறகு முன்னால் சொன்ன பாராட்டு எதுவும் உண்மையாகத் தோன்றாது. கசப்பு மருந்துக்கு முன் கொடுத்த வெல்லமாகிவிடும். நன்றிக்கு ஒரு வாக்கியம், அடுத்ததிலேயே முடிவு. இந்த வரிசையை மாற்றத் தேவையில்லை. மின்னஞ்சலின் தலைப்பும் அதே போல் நேரடியாக இருக்கட்டும்: "கணக்குப் பிரிவு மேலாளர் பணி: எங்கள் முடிவு". "உங்களுக்கு ஒரு செய்தி" என்பது போன்ற தலைப்பு நல்ல சேதியின் சாயலைத் தரும். அந்தச் சாயலில் திறந்து ஏமாறுபவரின் கோபம் நியாயமானது.

இரண்டாவது காயம் காரணத்தில் இருக்கிறது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். "மேலும் பொருத்தமான ஒருவர்" என்பது காரணமே அல்ல. முடிவை வேறு சொல்லில் திரும்பச் சொல்வது. படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்வார்: வயதா, குடும்பச் சூழலா, கடைசிச் சுற்றில் ஒரு கேள்விக்குத் தடுமாறியதா? பெரும்பாலும் உண்மையைவிடக் கொடுமையான ஒன்றைத்தான் மனம் தேர்ந்தெடுக்கும்.

நல்ல காரணத்துக்கு நான் வைக்கும் சோதனைகள் மூன்று. பணி அறிவிப்பில் சொன்ன தேவையோடு அது பொருந்த வேண்டும். அறிவிப்பில் இல்லாத அளவுகோலைக் கடிதத்தில் முதல்முறையாகக் காட்டுவது அநியாயம். அது அவருடைய பணி வரலாற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும், குணத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "ஒன்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்திய அனுபவம் தேவைப்பட்டது" என்பதை அவர் ஏற்றுக்கொள்ள முடியும். "தலைமைப் பண்பு குறைவாகத் தெரிந்தது" என்பதை ஏற்க முடியாது, அதை மூன்று மணி நேரப் பேச்சில் அளந்துவிட்டதாகச் சொல்வதும் உண்மையல்ல. மூன்றாவதாக, நேர்காணல் செய்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் அதே காரணத்தைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, ஒரு நிறுவனம் விண்ணப்பதாரரைப் பற்றி வைத்திருக்கும் தனிப்பட்ட தகவல்களை அவர் கேட்டுப் பெற முடியும். பொதுவாக நேர்காணல் குறிப்புகளும் அதில் அடங்கும். கடிதம் ஒன்றும் குறிப்பு வேறொன்றும் சொன்னால், கடிதம் பொய் என்பது எழுத்திலேயே அகப்பட்டுவிடும். அப்படியொரு சட்டம் இல்லாத இடத்திலும் இந்தச் சோதனை தேவைதான். பொய்க் காரணம் வெளிவர இன்னும் எளிய வழிகள் உண்டு: "இந்தப் பணியிடத்தை நிறுத்திவைத்துள்ளோம்" என்று எழுதிய அடுத்த வாரமே அதே பணிக்கு விளம்பரம் வெளியாவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு சொற்றொடர்களை முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, "எங்கள் பணிச்சூழலுக்குப் பொருந்தவில்லை". உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்றே அது காதில் விழும். மற்றொன்று, "தேவைக்கு மேல் தகுதி உள்ளவர்". மூத்தவர்களுக்கு இதை எழுதும்போது வயதைத்தான் சொல்கிறீர்கள் என்ற சந்தேகம் வரும். வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் உள்ள நாடுகளில் அது வழக்கு வரை போகலாம். அவர் சீக்கிரம் விலகிவிடுவார் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், அதை நேர்காணலில் அவரிடமே கேட்டிருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்லவே முடியாத நேரங்களும் உண்டு. அவர் முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ரகசியமாகத் தெரிவித்த கருத்து முடிவை மாற்றியிருக்கலாம். அப்போது அழகான மாற்றுக் காரணம் தேடாதீர்கள். காரணம் இல்லாமலேயே முடிவைச் சொல்லுங்கள். குறைவாகச் சொல்வது பொய் ஆகாது. இருவரும் சமமாக இருந்து, ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்றால் அதையே எழுதலாம். நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்தவருக்குப் பணி கிடைத்திருந்தால், அதையும் அவருடைய பெயர் சொல்லாமல் தெரிவிக்கலாம்.

"கனத்த மனத்துடன்" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். வேலை கிடைக்காதவரிடம் உங்கள் மனப் பாரத்தைச் சொல்லி ஆறுதல் எதிர்பார்ப்பது போல் ஆகிறது. "ஏராளமான விண்ணப்பங்கள்" என்பதும் இறுதிச் சுற்றில் இருந்தவருக்குப் பொருந்தாது. கடைசியில் இருந்தது இரண்டு மூன்று பேர் என்பது அவருக்கே தெரியும்.

வாக்குறுதிகளிலும் கவனம் வேண்டும். விவரங்களைக் கோப்பில் வைத்திருப்பதாக எழுதினால், அடுத்த முறை அந்தக் கோப்பைத் திறப்பவர் யார் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். உண்மையிலேயே அவரை மீண்டும் அழைக்க விருப்பம் இருந்தால் எந்த வகைப் பணிக்கு என்று குறிப்பிடுங்கள்.

நேரம் தொடர்பான தவறு கடிதத்தில் தெரியாது. அதற்கு முந்தைய மௌனத்தில் இருக்கிறது. தேர்வானவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் வரை அடுத்த இடத்தில் இருப்பவரைக் கையில் வைத்துக்கொள்ள நிறுவனங்கள் விரும்புகின்றன. அது இயல்பான தேவைதான். ஆனால் மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு மறுப்பை அனுப்புவது, அவர் வேறு இடத்தில் முடிவெடுக்கும் வாய்ப்பையும் பறிக்கிறது. இடையில் ஒரு சிறு குறிப்பு போதும்: "இன்னொருவருக்கு நியமனக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். அவருடைய பதில் வெள்ளிக்கிழமைக்குள் தெரியும். எதுவானாலும் அன்று உங்களுக்கு எழுதுகிறோம். இதற்கிடையில் வேறு வாய்ப்பு வந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்." பேசித் தெரிவிப்பதானால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். முன்னறிவிப்பில்லாத அழைப்பில் நிறுவனத்தின் எண்ணைப் பார்த்ததும் நல்ல செய்தி என்றே அவர் எடுத்துக்கொள்வார். எனவே முதல் வாக்கியத்தை யோசித்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.

நம் உதாரணத்துக்கான கடிதம் இப்படி அமையலாம். நேர்காணல் செய்த நிதித் தலைவரின் பெயரில், பதில் எழுதக்கூடிய முகவரியிலிருந்து, விண்ணப்பதாரரின் பெயரைச் சரியான எழுத்தில் விளித்து அனுப்ப வேண்டும்:

"கணக்குப் பிரிவு மேலாளர் பணிக்காக நான்கு சுற்றுகளிலும் பங்கேற்றதற்கு நன்றி. இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

அறிவிப்பில் சொன்னபடி, பெரிய குழுவை வழிநடத்திக் கணக்கு மென்பொருளை மாற்றும் பொறுப்பு முதல் ஆண்டிலேயே வருகிறது. தேர்வானவர் அதை முன்பே செய்தவர். முடிவைத் தீர்மானித்தது அதுதான். எழுத்துப் பயிற்சியில், இருமுறை பதிவான விலைப்பட்டியலை நீங்கள் மட்டுமே கண்டுபிடித்தீர்கள். அந்தப் பயிற்சித் தாளை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்.

கேள்விகள் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், நானே பதில் அனுப்புகிறேன்."

பாராட்டு இதில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது அவருக்கு மட்டுமே எழுதக்கூடியது. அதைப் பெயர் மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. பயிற்சித் தாள் பற்றிய வரியையும் விடக் கூடாது. இலவசமாக வேலை வாங்கிவிட்டார்களோ என்ற ஐயம் எழுத்துப் பயிற்சி செய்தவர்கள் பலருக்கும் வரும். அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

அவர் பதில் எழுதி, "எதை மேம்படுத்திக்கொள்ளலாம்?" என்று கேட்டால், கடிதத்தில் சொன்ன காரணத்தையே சற்று விரித்துச் சொல்லுங்கள். புதிதாக இரண்டாவது காரணம் ஒன்றைச் சேர்த்தால் முதலாவது பொய்யாகத் தெரியும். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அவர் வாதிட்டால் ஒருமுறை பணிவாக, "முடிவு இறுதியானது" என்று எழுதி அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.